சவுடுக்குக் கீழே என்ன இருக்கிறது?

பொன்னேரிப் பக்கம் மனை வாங்கி வீடு கட்ட நினைப்பவர் மேஸ்திரியிடம் முதலில் கேட்பது, "எத்தனை அடி பள்ளம் எடுக்கணும்?" என்றுதான். அவரும் தயங்காமல் "அஞ்சடி போதும் சார், மாடி வீடுதானே" என்பார். பள்ளம் எடுத்ததும் கடப்பாரையை ஓங்கிக் குத்திப் பார்ப்பார். டங்கென்று நின்றால் கெட்டி மண். மறுநாள் ஜல்லி வந்து இறங்கிவிடும்.

கடப்பாரை பொய் சொல்வதில்லை. அது குத்திய ஓர் அடி ஆழத்துக்கு அது சொல்வது உண்மைதான். ஆனால் வீட்டின் பாரம் அந்த ஓரடியோடு நின்றுவிடாது. இரண்டு மீட்டர் அகலமுள்ள ஃபுட்டிங் தன் பாரத்தை அடியில் உள்ள மண்ணுக்குள் விரித்துக்கொண்டே போகிறது. அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வரை அதன் அழுத்தம் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இருக்கும். அதாவது ஐந்தடிப் பள்ளத்தின் தரையிலிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி கீழே என்ன இருக்கிறது என்பதுதான் அஸ்திவாரத்தைத் தீர்மானிக்கிறது. பள்ளம் எடுப்பவர் கண்ணில் படும் மண், பெரும்பாலும் ஃபுட்டிங்குக்குப் பக்கவாட்டில் இருக்கும் மண். வீடு நிற்கப்போவது கண்ணில் படாத மண்ணின் மேல்.

எல்லா ஊரிலும் இது இவ்வளவு பெரிய விஷயமல்ல. பாறை நாலடியில் தட்டுப்படும் ஊரில் கடப்பாரை போதும். பொன்னேரி அப்படிப்பட்ட ஊரல்ல. ஆரணியாறு ஊரை ஒட்டி ஓடிப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. தெற்கே கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. இந்த இரண்டு ஆறுகளும் பல ஆயிரம் ஆண்டுகளாக இடம் மாறி மாறி ஓடிக் கொண்டுவந்து போட்ட வண்டல்தான் இங்கே தரை. வெள்ளம் வேகமாக ஓடிய இடத்தில் மணல் படிந்தது. கரை தாண்டித் தேங்கி நின்ற இடத்தில் களி படிந்தது. ஆறு கைவிட்ட பழைய வளைவுகள் மெல்ல மெல்லச் சேற்றால் நிரம்பி, பிறகு வயலாகிவிட்டன. அதனால் ஒரு மனையில் பத்தடியில் நல்ல மணல் வரும்; நாலு மனை தள்ளி அதே ஆழத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று களி வரும். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே போகப் போகச் செம்மண்ணும் சரளையும் தலைகாட்டும். கிழக்கே பழவேற்காட்டை நோக்கிப் போனால் உவர்நிலமும் கடற்கரை மணலும். ஒரே வட்டாரத்துக்குள் மூன்று விதமான அஸ்திவாரங்களுக்கு வேலை இருக்கிறது. அதனால்தான் "பக்கத்து வீட்டுக்காரர் என்ன போட்டார்?" என்று கேட்டு முடிவெடுப்பது இங்கே சரிவராது.

இதோடு மனிதர் சேர்த்த அடுக்கு ஒன்றும் உண்டு. தொழிற்பேட்டைகள், துறைமுகங்கள் என்று வேலை பெருகப் பெருக, நெல் வயல்கள் மனைகளாயின. வயல் தாழ்வானது, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பகுதி பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். எனவே மனை போடுகிறவர் லாரி லாரியாகச் சவுடு அடித்து மூன்றடி, நாலடி மேடாக்கிவிடுகிறார். ரோலர் ஓடிய சவுடு, வெயிலில் காய்ந்ததும் கல் போல இருக்கும். வாங்க வருகிறவர் காலால் உதைத்துப் பார்த்துத் திருப்திப்படுவது இந்தச் சவுடைத்தான்.

மனை சவுடு அடிப்பதற்கு முன் என்னவாக இருந்தது என்று அறிய மண்வெட்டி தேவையில்லை. கிராம நிர்வாக அலுவலகத்துக் காகிதமே போதும். அ-பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலம் நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம் எது, மண் வயனமும் ரகமும் என்ன என்று தனித்தனிப் பத்திகள் இருக்கின்றன. இவை நிலத்தீர்வைக்காக விளைச்சலைக் கணித்தவர்கள் எழுதியவை. வீடு தாங்குமா என்று பார்த்து எழுதியவையல்ல. ஆனாலும் ஏரிப் பாசன நஞ்சை என்று எழுதியிருந்தால், அங்கே தண்ணீரைப் பிடித்து வைக்கும் களி மேலாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நெல்லுக்கு நல்ல மண் வீட்டுக்குச் சங்கடமான மண். பக்கத்துப் புலங்களின் பெயரில் தாங்கல், குட்டை, ஓடை என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பழைய செயற்கைக்கோள் படங்களையும் ஆண்டுவாரியாகப் பின்னோக்கிப் பார்க்கலாம். வயல் எப்போது மறைந்தது, சவுடு எந்த ஆண்டு விழுந்தது என்பது அதில் தெரிந்துவிடும். அந்த ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது, மண்ணைக் கையில் எடுப்பது. இதற்கு ஐந்தடிப் பள்ளம் போதாது. ஆகர் என்ற, கையால் திருகி இறக்கும் நாலங்குலத் துளைகருவி வேண்டும். இரண்டு ஆட்கள் அரை நாளில் நாலு மீட்டர் வரை இறக்கிவிடுவார்கள், மணலும் தண்ணீரும் சேர்ந்து துளையை மூடாத வரை. வீடு கட்டத் தண்ணீருக்காக எப்படியும் முதலில் போர் போடுகிறோம். அப்போது பக்கத்தில் நின்று எந்த ஆழத்தில் என்ன நிறத்தில் சேறு வருகிறது என்று குறித்துக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் பாய்ச்சி இறக்கும் போரில் மண் கலங்கித்தான் வரும். களியா மணலா என்பது தெரியும். கெட்டியா இளக்கமா என்பது தெரியாது. நமக்கு வேண்டியது இரண்டாவது விஷயம்.

ஆகரில் வந்த கட்டியை வெயில் படாமல் பாலித்தீன் பையில் போட்டு, ஆழத்தை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கொஞ்சம் மண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் வைத்து, மறு கையால் அந்தக் கையைத் தட்டுங்கள். மேலே நீர் மினுங்கி வந்து, விரலால் அழுத்தியதும் அந்த மினுமினுப்பு உள்ளே போய்விட்டால் அது நுண்மணலோ குறுமண்ணோ. எதுவும் நடக்காமல் அப்படியே இருந்தால் களி. பிறகு அதையே திரி உருட்டுங்கள். மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு உடையாமல் நீண்டு, மடித்து மறுபடி உருட்டினாலும் தாங்கினால் கொழுப்பு நிறைந்த களி. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911 வாக்கில் களிமண்ணை வகைப்படுத்த எடுத்துக்கொண்ட இந்த எளிய வேலை, ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவில் இன்றும் ஆய்வகங்களில் நடக்கிறது. திரி எந்த ஈரப்பதத்தில் உடைகிறது என்று அங்கே அளந்து எழுதுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வலிமைக்குக் கட்டைவிரலே முதல் கருவி. கலைக்காத, ஈரம் போகாத களிக்கட்டியில் கட்டைவிரல் சுலபமாக இறங்கினால் அது இளக்களி. கொஞ்சம் பலமாக அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் நடுத்தரம். எவ்வளவு அழுத்தினாலும் தடம் மட்டும் பதிந்து விரல் உள்ளே போகாவிட்டால் கெட்டிக்களி. இளக்களியின் ஒட்டுறுதி சதுர மீட்டருக்குச் சுமார் ஒன்றேகால் முதல் இரண்டரை டன். கெட்டிக்களிக்கு ஐந்து முதல் பத்து. களியின் மேல் ஆழம் குறைந்த ஃபுட்டிங் உடைந்து அமிழ, ஒட்டுறுதியைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு அழுத்தம் தேவை என்பது மண்ணியலின் அடிப்படைக் கணக்குகளில் ஒன்று. அதை மூன்றால் வகுத்துப் பாதுகாப்பு வைத்துக்கொண்டால், ஒட்டுறுதியின் இரு மடங்குதான் பாதுகாப்பான தாங்குதிறன். ஒட்டுறுதி ஐந்து டன் என்றால் தாங்குதிறன் பத்து. இரண்டு டன் என்றால் நாலு. பொறியாளர்கள் எஸ்.பி.சி. என்று சொல்லும் எண் இதுதான்.

கைச்சோதனையில் இன்னொன்றும் சேரும். சில களிகள் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும் வயல் அப்படிப்பட்டது. உறுதி செய்ய ஆய்வகத்தில் பத்து கிராம் உலர்ந்த மண்தூளை ஓர் அளவுக் குழாயில் தண்ணீரிலும், இன்னொரு பத்து கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. இரண்டு குழாயிலும் படிந்த மண்ணின் கன அளவை ஒப்பிட்டு, தண்ணீரில் எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலை குறைவு. 100-ஐத் தாண்டினால் சாதாரண ஃபுட்டிங் போடுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய வீட்டில் விரிசல் வந்தால், அது உப்பலா அமிழ்வா என்பதை விரிசலே காட்டிக்கொடுக்கும். கோடையில் விரிந்து மழையில் மூடிக்கொண்டால் உப்பும் மண். மூடாமல் ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போனால் அடிமண் அமிழ்கிறது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டால், அசைவு இருக்கும் இடத்தில் அது உடைந்துவிடும்.

இனி ஒரு மனையை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். முப்பதுக்கு நாற்பது, அதாவது அரை கிரவுண்டு. வயலாக இருந்து மனையானது. நாலடிச் சவுடு அடித்திருக்கிறது, அது 1.2 மீட்டர். ஆகரில் கண்டது இது: சவுடுக்குக் கீழே ஒரு மீட்டர் கனத்துக்குப் பழுப்பும் சாம்பலும் கலந்த கெட்டிக்களி, நெல் வேர்கள் மக்கிய தடத்தோடு. அதற்குக் கீழே இரண்டு மீட்டர் கருஞ்சாம்பல் இளக்களி. கட்டைவிரல் தயக்கமில்லாமல் இறங்குகிறது. அதன் கீழ், இன்றைய தரையிலிருந்து 4.2 மீட்டரில், தண்ணீரோடு மணல். இது எந்த ஒருவருடைய மனையும் அல்ல. இந்தப் பக்கத்து வயல் மனைகளில் எதிர்பார்க்கக்கூடிய அடுக்குமுறையை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் இருக்கும் அந்தக் கெட்டிக்களி எப்படி வந்தது? அதுவும் ஒரு காலத்தில் இளக்களிதான். ஒவ்வொரு கோடையிலும் வெயில் அதன் ஈரத்தை உறிஞ்சிச் சுருக்கியது. நூற்றுக்கணக்கான கோடைகளுக்குப் பிறகு மேலே ஒரு மீட்டர் மட்டும் இறுகிவிட்டது. வெயில் எட்டாத ஆழத்தில் களி படிந்த நாளின் இளக்கத்திலேயே இருக்கிறது. ஆற்றுச் சமவெளிகளில் உலகமெங்கும் இதைக் காணலாம். கடப்பாரைக்கு டங்கென்று பதில் சொல்வது இந்த மேலோடுதான்.

வீடு தரைத்தளமும் ஒரு மாடியும். பில்லர்களுக்கு இடையே மூன்றரை மீட்டர். அகலவாக்கில் மூன்று, நீளவாக்கில் நாலு, ஆகப் பன்னிரண்டு பில்லர்கள். நடு பில்லர் ஒன்று சுமக்கும் தளப்பரப்பு மூன்றரைக்கு மூன்றரை, சுமார் 12 சதுர மீட்டர். ஐந்தங்குலக் கான்கிரீட் தளம், மேல் பூச்சு, ஆட்களும் சாமான்களும், மொட்டை மாடியில் தட்டோடு எல்லாம் சேர்த்து இரண்டு தளங்களுக்கும் சதுர மீட்டருக்கு 1.27 டன், ஆக 15 டன். இரண்டு தளங்களிலும் அந்த பில்லரைச் சேரும் சுவர்கள், ஜன்னல் கதவு கழித்து, 14 டன். பீம்களும் பில்லரும் ஐந்து டன். மொத்தம் 34 டன். ஃபுட்டிங்கின் எடைக்கும் அதன் மேல் மண்ணுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 37 டன் என்று வைத்துக்கொள்வோம்.

பள்ளம் ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர். அது சவுடைத் தாண்டி மேலோட்டுக்குள் ஓரடி இறங்கி நிற்கிறது. மேலோட்டின் ஒட்டுறுதி ஐந்து டன். எனவே தாங்குதிறன் பத்து டன். மேஸ்திரி அனுபவத்தில் சொல்லும் எண்ணும் பெரும்பாலும் இதுதான். 37-ஐப் பத்தால் வகுத்தால் 3.7 சதுர மீட்டர். ஏறக்குறைய 1.9 மீட்டர் சதுரம், ஆறேகால் அடி. எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிகிறது.

இப்போது கீழே இறங்குவோம். ஃபுட்டிங்குக்கு அடியில் மேலோடு 70 சென்டிமீட்டர்தான் மிச்சம். பாரம் இரண்டு அடி இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் ஓரடி விரிகிறது என்று எடுத்துக்கொள்வது பொறியாளர்களின் கைக்கணக்கு. அதன்படி இளக்களியின் தலையை அடையும்போது 1.9 மீட்டர் சதுரம் 2.6 மீட்டர் சதுரமாகியிருக்கும். அங்கே அழுத்தம் 37-ஐ 6.8-ஆல் வகுத்தது, சுமார் ஐந்தரை டன். இளக்களியின் ஒட்டுறுதி இரண்டு டன், தாங்குதிறன் நாலு. ஐந்தரையை நாலின் மேல் வைக்கிறோம். வீடு உடனே விழுந்துவிடாது. மூன்று மடங்கு இருக்க வேண்டிய பாதுகாப்பு இரண்டேகால் மடங்குக்கும் கீழே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் களியில் பெரும்பாலும் வீட்டைக் கெடுப்பது உடைந்து அமிழ்வதல்ல, மெல்லப் பிழியப்படுவது. இந்த மாதிரிக் களிக்குப் பொருந்தும் சுருங்குதிறனைப் போட்டுக் கணக்கிட்டால், இரண்டு மீட்டர் இளக்களி நடு பில்லரின் கீழ் சுமார் 30 மில்லிமீட்டர் அமிழும். ஓரத்து பில்லர் 20 டன் சுமக்கிறது. அதற்கும் அதே பத்து டன் கணக்கில் 1.4 மீட்டர் ஃபுட்டிங் போட்டிருப்போம். மேலே இரண்டுக்கும் அழுத்தம் ஒன்றே. ஆனால் சிறிய ஃபுட்டிங்கின் பாரம் சீக்கிரம் விரிந்து கரைந்துவிடுவதால் அதன் கீழ் அமிழ்வு 23 மில்லிமீட்டர்தான். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1904, களிமண்ணில் நிற்கும் கான்கிரீட் கட்டடம் மொத்தமாக 75 மில்லிமீட்டர் வரை அமிழ்வதைப் பொறுத்துக்கொள்கிறது. பக்கத்துப் பக்கத்து பில்லர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் அது பொறுப்பதில்லை. மூன்றரை மீட்டர் இடைவெளிக்கு ஐந்து மில்லிமீட்டர்தான் எல்லை. நம் வீட்டில் ஏழு. ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஓடும் விரிசல் இந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் பிறக்கிறது.

அடியில் இருக்கும் இளக்களியைப் பாராமல் மேலோட்டை நம்பியதால் வந்த வினைக்குப் பாடப்புத்தகங்களில் அழியாத உதாரணம் ஒன்று உண்டு. கனடாவில் வினிபெக் நகருக்கு அருகே டிரான்ஸ்கோனாவில் ரயில்வேக்காகக் கட்டிய பிரம்மாண்டமான தானியக் கிடங்கு அது. அடித்தளத்துக்குப் பள்ளம் எடுத்தபோது அதன் தரையில் பலகை வைத்துப் பாரம் ஏற்றிச் சோதனையும் செய்தார்கள். கெட்டிக்களி நன்றாகவே தாங்கியது. 1913 அக்டோபர் 18 அன்று, கிடங்கு ஏறக்குறைய நிரம்பிய நிலையில், ஒரு மணி நேரத்தில் ஓரடி அமிழ்ந்தது. ஒரு நாளைக்குள் சுமார் 27 பாகை சாய்ந்து நின்றது. 1950-களின் தொடக்கத்தில் ரால்ஃப் பெக் என்ற மண்ணியல் அறிஞரும் உடன் ஒருவரும் அங்கே துளையிட்டுப் பார்த்தபோது, கெட்டிக்களிக்குக் கீழே இளக்களி இருந்தது தெரிந்தது. கணக்கும் விபத்தோடு பொருந்தியது. சிறு பலகையின் பாரம் அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குத்தான் எட்டும். கிடங்கின் பாரம் அதைவிடப் பல மடங்கு ஆழத்துக்கு எட்டியது. இங்கேயும் இரண்டடிப் பலகை வைத்துச் செய்யும் சோதனை நாலடிக்குக் கீழே எதையும் சொல்லாது. அந்த அறிக்கையைக் காட்டி "எஸ்.பி.சி. வந்துடுச்சு" என்று யாராவது சொன்னால், கீழே துளை போட்டீர்களா என்று கேட்பது நியாயம்.

இனி சவுடு. இதைப் பாரமாக யாரும் எண்ணுவதில்லை. 1.2 மீட்டர் சவுடு ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் ஏறக்குறைய 2.2 டன் வைக்கிறது. வீட்டின் மொத்தப் பாரத்தை அதன் பரப்பில் பரப்பினால் சுமார் மூன்று டன்தான். ஆக, மனையை மேடாக்கியபோதே அரை வீட்டுக்கும் மேலான பாரத்தைக் களியின் மேல் ஏற்றிவிட்டோம். அதுவும் ஓரிடத்தில் அல்ல, மனை முழுவதும். அதே இளக்களி சவுடுக்காக மட்டும் இருபது மில்லிமீட்டருக்கு மேல் பிழியப்படும்.

பிழியப்படுவது என்பது களியிலிருந்து நீர் வெளியேறுவது. அதற்குக் காலம் பிடிக்கும். 1925-இல் இந்தக் கணக்கைப் புத்தகமாக வெளியிட்டவர் கார்ல் டெர்ஸாகி. நம் மனையில் இளக்களிக்கு மேலே மேலோட்டின் வெடிப்புகள், கீழே மணல். நீர் இரண்டு பக்கமும் வெளியேறலாம். இரண்டு மீட்டர் கனத்துக்கு, இப்படிப்பட்ட களியில், பெரும்பகுதி அமிழ்வு முடிய அரை ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு வரை ஆகும். களியின் கனம் இரட்டித்தால் காலம் நாலு மடங்கு. அதனால்தான் சவுடு விழுந்த ஆண்டைக் கேட்டேன். மூன்று மழைக்காலம் கண்ட சவுடும், போன மாதம் அடித்த சவுடும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். கீழே உள்ள களிக்கு அவை இரண்டும் வேறு. சொந்தமாக மேடாக்குகிறவர் கட்டடத்துக்கு ஓராண்டு முன்பே சவுடு அடித்துவிட்டால், களியின் வேலையில் பெரும்பகுதியை வீடு வருவதற்கு முன்பே முடித்துக்கொள்ளலாம். பணமும் இதில் கூடுதலாக ஆகாது; பொறுமைதான் வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வீட்டில் எந்த ஃபுட்டிங்கும் சவுடின் மேல் நிற்கக் கூடாது.

இந்த மனைக்கு எந்த அஸ்திவாரம்? தனித்தனி ஃபுட்டிங்கை அகலமாக்கிப் பார்க்கலாம். அழுத்தத்தை ஆறு டன்னாகக் குறைத்தால் நடு பில்லருக்கு இரண்டரை மீட்டர் சதுரம் வேண்டும். ஃபுட்டிங்குகளுக்கு நடுவே ஒரு மீட்டர்தான் மண் மிஞ்சும். வீட்டின் பரப்பில் பாதியை ஃபுட்டிங்கே மூடிவிடும். பாதி மூடும் நிலை வந்துவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தளமாகப் போட்டுவிடலாம் என்பது பழைய வழக்கு. அதுதான் ராஃப்ட். எட்டு மீட்டருக்குப் பதினொன்றரை மீட்டர் ராஃப்ட் போட்டால், ராஃப்டின் எடையையும் சேர்த்து அழுத்தம் மூன்று டன் சொச்சம்; இளக்களியின் தலையில் மூன்று டன்னுக்குள் வந்துவிடுகிறது. நாலு டன் எல்லைக்குள் இருக்கிறோம். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: ராஃப்ட் போட்டதால் மொத்த அமிழ்வு பெரிதாகக் குறைந்துவிடாது. இங்கே 25 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆனால் வீடு ஒன்றாகச் சேர்ந்து இறங்கும். பில்லருக்கு பில்லர் இருக்கும் வித்தியாசத்தை ராஃப்டின் விறைப்பு அடக்கிவிடும். சுவருக்கு வேண்டியது அதுதான்.

பைல் போடலாமே என்பார்கள். அண்டர் ரீம்டு பைல் என்பது அடியில் குமிழ் போல விரிந்த குட்டையான கான்கிரீட் தூண். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காக வளர்த்தெடுத்த இந்த முறை, உப்பும் மண்ணுக்கு அருமையானது. ஈரம் ஏறி இறங்கும் அடுக்கைத் தாண்டிக் கீழே பிடித்துக்கொள்ளும். நம் மனையில் சிக்கல் வேறு. குமிழ் வெட்ட வேண்டிய ஆழத்தில் ஒன்று இளக்களி, அல்லது தண்ணீரோடு மணல். இரண்டிலும் துளை நிற்காது. பென்டோனைட் கரைசல் ஊற்றித்தான் துளையைக் காக்க வேண்டும். குமிழ் சரியாக விரிந்ததா என்று மேலிருந்து பார்க்கவும் முடியாது. மணலுக்குள் ஒன்றரை மீட்டர் இறங்கும் நேரான பைல் நல்ல ஆட்கள் கையில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சுற்றியுள்ள சவுடால் களி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால், அது பைலையும் பிடித்துக் கீழே இழுக்கும். அந்த இழுவையும் பாரத்தில் சேர வேண்டும். மாடி வீட்டுக்கு, இந்த மண்ணில், பழைய சவுடு என்றால் நான் ராஃப்ட் பக்கம்தான் சாய்வேன். இளக்களி இரண்டு மீட்டருக்குப் பதில் ஐந்து மீட்டர் இருந்தால் என் பதில் மாறிவிடும்.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே சரளைச் செம்மண்ணில் இதே வீட்டுக்கு இத்தனை தலைவலி இல்லை. 20 டன் தாங்கும் மண்ணில் நடு பில்லருக்கு நாலரை அடி ஃபுட்டிங் போதும். ஆற்றங்கரை மணலிலும் தாங்குதிறன் மோசமில்லை. ஆனால் நிலத்தடி நீர் ஃபுட்டிங் மட்டத்துக்கு ஏறினால் மணலின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். எனவே மே மாதம் காய்ந்த பள்ளத்தைப் பார்த்து எண்ணை எழுதக் கூடாது. மார்கழியில் அங்கே தண்ணீர் எங்கே நிற்கும் என்று அக்கம்பக்கத்துக் கிணறுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாக அறிந்த செய்தி. அங்கே கட்டுகிறவர் போர் தண்ணீரின் உப்பைச் சோதித்து, ஃபுட்டிங் கம்பிக்குக் கான்கிரீட் மூடாக்கைக் கூட்டிக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் கைக்கணக்கில் பார்த்தோம். முடிவெடுக்க மண் பரிசோதனை அறிக்கை வேண்டும். இப்படிப்பட்ட மனைக்கு எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளைகள், குறைந்தது ஆறு மீட்டர். துளையில் 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். இரண்டு முதல் நாலு என்றால் இளக்களி. எட்டைத் தாண்டினால் கெட்டி. இவ்வளவு இளக்கமான களியில் இந்த எண்ணிக்கை கரடுமுரடான மதிப்புதான்; கலையாத மாதிரி எடுத்து ஆய்வகத்தில் ஒட்டுறுதியையும் சுருங்குதிறனையும் அளக்கச் சொல்ல வேண்டும். அறிக்கை வந்ததும் கடைசிப் பக்கத்து எஸ்.பி.சி.யை மட்டும் பார்த்து மூடிவிட வேண்டாம். அந்த எண் எந்த ஆழத்துக்கு, எந்த அகலமுள்ள ஃபுட்டிங்குக்கு, எத்தனை மில்லிமீட்டர் அமிழ்வை ஏற்றுக்கொண்டு சொன்னது, துளை போட்ட தேதியில் நீர்மட்டம் எங்கே இருந்தது, ஆழம் இன்றைய சவுடு மட்டத்திலிருந்தா பழைய வயல் மட்டத்திலிருந்தா: இந்த ஐந்தும் இல்லாத எஸ்.பி.சி. வெறும் எண். கடைசிக் கேள்வியில் நாலடி தவறினால் ஃபுட்டிங் சவுடில் போய் உட்காரும்.

பள்ளம் எடுக்கிற நாளிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடைசி அரை அடியை இயந்திரத்தை விட்டு எடுக்காமல் மண்வெட்டியால் எடுக்க வேண்டும். பொக்லைன் பற்கள் மேலோட்டைக் கிளறிவிட்டால் அது பழைய இறுக்கத்துக்குத் திரும்பாது. தரை தெரிந்ததும் அன்றைக்கே பி.சி.சி. போட்டு மூடிவிடுவது உத்தமம். இரவில் மழை பெய்து பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டால், காலையில் இறைத்துவிட்டு அப்படியே கான்கிரீட் கொட்டக் கூடாது. ஊறி இளகிய களியை, விரல் இறங்காத மண் வரும் வரை, சுரண்டி எடுத்துவிட்டு, அந்த ஆழத்தை மண்ணால் அல்லாமல் பி.சி.சி.யாலேயே நிரப்ப வேண்டும்.